அப்பாவின் பற்று நோட்டை எக்ஸெலில் ஏற்றிய கதையும் வழியும்

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த கையோடு தம்பி போன் செய்தான். கடைக் கணக்கை இனிமேல் கம்ப்யூட்டரில்தான் வைக்க வேண்டும், ஊரில் யார் யார் எவ்வளவு பாக்கி என்று ஒரு பட்டியல் வேண்டும், ஆனால் அப்பாவின் நோட்டைப் பார்த்தால் தலை சுற்றுகிறது என்றான். நான் அப்போது டல்லாஸில் ஒரு கணக்கு நிறுவனத்தில் சேர்ந்து இரண்டாம் வருடம். நாள் முழுவதும் மற்றவர்களின் கணக்கைச் சரிபார்க்கிறவளுக்கு இது ஒரு வார இறுதி வேலை என்று நினைத்தேன். ஆறு வாரம் பிடித்தது. வீட்டில் இப்படி ஒரு நோட்டு இருந்து, அதை எக்ஸெலில் ஏற்ற நினைக்கிறவர்களுக்காக, நான் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். தப்புகளையும் சேர்த்துத்தான்.

அப்பாவுக்கு அருப்புக்கோட்டையில் ஒரு சிறிய மளிகைக் கடை. பற்று நோட்டு என்பது சிவப்புத் துணி அட்டை போட்ட நீள நோட்டு, வருடத்துக்கு ஒன்று. சித்திரையில் மஞ்சள் தடவிப் புதுக்கணக்கு போடுவார். நான் எடுத்துக்கொண்டது துர்முகி வருட நோட்டு, அதாவது 2016 ஏப்ரல் நடுவிலிருந்து 2017 ஏப்ரல் நடுவு வரை. பக்கத்துக்கு ஐந்து கட்டம்: பெயர், விவரம், வரவு, பற்று, பாக்கி. கடனுக்குச் சாமான் வாங்கினால் பற்று, பணம் கொடுத்தால் வரவு. பக்கத்தின் அடியில் "ஆக" என்று போட்டு வரவும் பற்றும் கூட்டியிருப்பார்.

படம் எடுப்பது

தம்பி முதலில் அனுப்பிய 20 படங்களும் வீண். டியூப்லைட்டுக்குக் கீழே சாய்வாக எடுத்திருந்தான். பக்கத்தின் மேல்பாதி பளபளவென்று வெள்ளை, கீழ்பாதியில் அவன் கையின் நிழல். சன்னல் ஓரமாகப் பகல் வெளிச்சத்தில் நோட்டை விரித்து, ஃபிளாஷ் போடாமல், நேர் மேலிருந்து எடுக்கச் சொன்னேன். தையல் பக்கம் வளைந்து நிற்கும் இடத்தில் ஒரு இலக்கம் உள்ளே போய்விடும். அங்கே ஒரு ஸ்கேலை வைத்து அழுத்திக்கொண்டால் தெரியும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கிவிடுகிறது, டாக்குமெண்ட்டாக அனுப்பினால் அப்படியே வரும்.

இன்னொன்று, பக்க எண். அப்பாவின் நோட்டில் அது கிடையாது. படம் எடுப்பதற்கு முன்பே ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் பென்சிலால் எண் போட வைத்தேன், படத்தின் பெயரிலும் அதே எண். பின்னால் ஒரு சந்தேகம் வந்து "34ஆம் பக்கம், 9ஆம் வரியைப் பாருங்கள்" என்று போனில் சொல்ல இதுதான் ஒரே வழி.

தட்டத் தொடங்கும் முன் கையெழுத்தைப் படிப்பது

அப்பாவிடம் 0 முதல் 9 வரை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னேன். அச்சடித்த மாதிரி எழுதி அனுப்பினார். அது எதற்கும் உதவவில்லை. "கடையில் ஆள் நிற்கும்போது எழுதுவீர்களே, அப்படி எழுதுங்கள்" என்று மறுபடி கேட்டு வாங்கினேன். அதில்தான் அவருடைய 1-க்கும் 7-க்கும் ஒரு சிறிய வளைவுதான் வித்தியாசம் என்பதும், அவசரத்தில் 6-இன் வால் சுருங்கி 0 ஆகிவிடும் என்பதும் தெரிந்தன. அந்தத் தாளை மானிட்டர் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொண்டேன்.

அப்புறம் குறிகள். அப்பா எண்களை எல்லோரையும் போலத்தான் எழுதுவார், ஆனால் தாத்தாவிடம் கணக்கு பழகியவர் என்பதால் பழைய குறிகளை விடவில்லை. பக்கத் தலைப்பில் "துர்முகி௵ ஆடி௴ 18௳" என்றிருக்கும். ௵ வருடம், ௴ மாதம், ௳ நாள். தொகைக்கு முன்னால் ௹ என்றால் ரூபாய். பெயர்க் கட்டத்தில் ௸ என்றால் மேற்படி, மேலே உள்ள அதே ஆள்.

இவற்றுக்கு மேலே, பக்க உச்சியில் தனியாக ஒரு "உ" நிற்கும். சிரிக்காதீர்கள், முதல் பக்கத்தில் அதை நான் இரண்டு என்று எடுத்துக்கொண்டு எதற்கு இரண்டு என்று அரைமணி நேரம் தேடினேன். தமிழ் எண்ணில் ௨ அப்படித்தானே இருக்கும்! அது பிள்ளையார் சுழி. உங்கள் வீட்டு நோட்டு இன்னும் பழையதாக இருந்து உண்மையாகவே தமிழ் எண்ணில் எழுதியிருந்தால், ௨௰௫ என்பது 25 என்பதை நினைவில் வையுங்கள்: இரண்டு, பத்து, ஐந்து. ௰ பூஜ்யம் இல்லை. எக்ஸெல் இதை எண்ணாகவே எடுத்துக்கொள்ளாது, நீங்கள்தான் மாற்றித் தட்ட வேண்டும்.

அட்டவணையின் கட்டங்கள்

என் முதல் தவறு அலுவலகப் பழக்கத்தால் வந்தது. வாடிக்கையாளர் கணக்கில் பற்று இடது பக்கம், வரவு வலது பக்கம் என்று கை பழகியிருந்தது. அப்பாவின் நோட்டில் வரவு இடது, பற்று வலது. இரண்டு பக்கம் முழுக்க மாற்றித் தட்டிய பிறகுதான் ஊரே எங்களுக்குக் கடன் கொடுத்த மாதிரி பாக்கி வருவதைக் கவனித்தேன். தலைப்பைப் படித்து, ஒரு ஆளின் மூன்று வரிகளைக் கையால் கூட்டிப் பார்த்து, எது எந்தப் பக்கம் என்று உறுதி செய்துகொண்டு தொடங்குங்கள்.

கடைசியில் நிலைத்த கட்டங்கள் இவை. A பக்கம், B வரி, C நோட்டில் உள்ள தேதி, D ஆங்கிலத் தேதி, E நோட்டில் உள்ளபடி பெயர், F குறி, G விவரம், H பற்று, I வரவு, J நோட்டில் அப்பா எழுதிய பாக்கி, K எக்ஸெல் கணக்கிடும் பாக்கி, L வித்தியாசம், M குறிப்பு. இந்தத் தாளுக்குப் "பதிவு" என்று பெயர் வைத்தேன். நோட்டில் ஐந்தே கட்டம், இங்கே பதின்மூன்றா என்று தோன்றும். நோட்டில் இருப்பது ஒன்று, நான் புரிந்துகொண்டது இன்னொன்று. இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டால் பிறகு பிரிக்கவே முடியாது. அதனால்தான் இத்தனை.

பெயரையே பாருங்கள். அப்பாவுக்கு "மேலத்தெரு டீக்கடை", "டீக்கடை", "டீ" எல்லாம் ஒரே ஆள். ஆனால் "வாத்தியார்" என்பது இரண்டு ஆட்கள், ஒருவர் பி.டி. வாத்தியார். எழுதியிருப்பதை E-யில் அப்படியே தட்டிவிட்டு, F-இல் ஆளுக்கு ஒரு குறி கொடுத்தேன்: க07, க08 என்று. எந்தப் பெயர் எந்த ஆள் என்பதை ஞாயிற்றுக்கிழமை தோறும் அப்பாவிடம் கேட்டு நிரப்பினேன். ஊகித்துச் சேர்த்த இரண்டு இடத்திலும் எனக்குத் தப்பு வந்தது.

௸ உள்ள வரிகளில் ஆளின் பெயரை முழுதாகப் போட்டுவிடுங்கள். மேல் கட்டத்தில் உள்ளதைக் கீழே இறக்க `Ctrl+D` அழுத்தினால் போதும். சோம்பல்பட்டு "மேற்படி" என்றே விட்டுவைத்தால், பெயர் வாரியாக வரிசைப்படுத்திய அந்த நிமிடம் மேற்படிகள் எல்லாம் ஓரிடத்தில் போய்க் குவியும். எது யாருடையது என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

தட்டும்போது எக்ஸெல் செய்யும் குறும்பு

அப்பா ஐந்து ரூபாய் ஐம்பது காசை 5-50 என்று எழுதுவார். அதை அப்படியே தட்டினால் அமெரிக்க அமைப்பில் உள்ள எக்ஸெல் அதை 1950 மே மாதம் என்று எடுத்துக்கொண்டு `May-50` என்று காட்டும். 12-25 என்றால் கிறிஸ்துமஸ். புள்ளி வைத்து 5.50 என்றுதான் தட்ட வேண்டும். ௹ குறியைத் தொகையோடு சேர்த்துத் தட்டினால் அந்தக் கட்டம் எழுத்தாகிவிடும், `SUM` அதைக் கணக்கிலேயே சேர்க்காது, ஒரு வார்த்தை சொல்லவும் செய்யாது.

தேதி இதைவிட மோசம். சில வரிகளில் அப்பா 3-7-16 என்று ஆங்கிலத் தேதி போட்டிருந்தார், ஜூலை 3. என் மடிக்கணினி அதை மார்ச் 7 ஆக்கியது. 25-7-16 என்று வந்தால் 25ஆவது மாதம் இல்லை என்பதால் மாற்றாமல் எழுத்தாகவே விட்டது. அதாவது தப்பாகப் போனவை ஒழுங்காகத் தெரிந்தன, போகாதவை இடது பக்கம் ஒதுங்கி நின்று கண்ணை உறுத்தின. தேதிக் கட்டத்தில் சில வலது பக்கமும் சில இடது பக்கமும் ஒட்டி நிற்பதைக் கண்டால், வலது பக்கம் நிற்பவற்றையும் சேர்த்தே சந்தேகப்படுங்கள். அதற்குப் பிறகு நான் D-யில் 2016-07-03 என்று வருடத்தை முன்னால் வைத்தே தட்டினேன்.

தமிழ்த் தேதியை ஆங்கிலத்துக்கு மாற்ற ஒரே கழித்தல் கணக்கை எல்லா மாதத்துக்கும் போடாதீர்கள். தமிழ் மாதங்களுக்கு 29 முதல் 32 நாள் வரை உண்டு. ஆடி 18 ஒரு வருடம் ஆகஸ்ட் 2, இன்னொரு வருடம் ஆகஸ்ட் 3. அந்தந்த வருடத்துக் காலண்டரை வைத்துக்கொண்டு பன்னிரண்டு மாதத்துக்கும் முதல் தேதியை ஒரு சிறு பட்டியலாக எழுதிக்கொண்டால் வேலை முடிந்தது. வீட்டில் பழைய தினசரிக் காலண்டரின் அட்டை மட்டும் இருந்தது, தாள்கள் பொட்டலம் மடிக்கப் போயிருந்தன.

"ஆக" வரிகளை மற்ற வரிகளோடு சேர்த்துத் தட்டாதீர்கள், எல்லாம் இரட்டிப்பாகும். அவற்றைத் தனித் தாளில் பக்க எண்ணோடு வையுங்கள். பழைய நோட்டிலிருந்து கொண்டுவந்த பாக்கிகளைத்தான் ஆளுக்கு ஒரு வரியாக, பற்றில், எல்லாவற்றுக்கும் முதலில் தட்ட வேண்டும்.

சரிபார்ப்பது

இதுதான் என் தொழில். நோட்டில் அப்பா தாமே கூட்டி வைத்த தொகைகள் இருக்கும்போது, அவற்றைவிட நல்ல சாட்சி கிடையாது. K2-வில் இதைப் போட்டுக் கீழே வரை இழுத்துவிட்டேன்:

```
=SUMIFS(H$2:H2,F$2:F2,F2)-SUMIFS(I$2:I2,F$2:F2,F2)
```

அந்த வரி வரையில் அந்த ஆள் வாங்கிய மொத்தப் பற்றிலிருந்து கொடுத்த மொத்த வரவைக் கழிக்கிறது. L2-வில்:

```
=IF(J2="","",K2-J2)
```

அப்பா பாக்கி எழுதாத வரிகளை இது விட்டுவிடும். வரிகள் நோட்டின் வரிசையிலேயே இருந்தால்தான் இது சரியாக வரும். வரிசைப்படுத்திப் பார்க்க ஆசை வந்தால் தாளை நகலெடுத்து அதில் செய்யுங்கள்.

இனி வித்தியாசத்தை வைத்துத் தப்பைப் பிடிப்பது. 34ஆம் பக்கத்தில் அப்பாவின் பற்றுக் கூட்டல் 9,860. எனக்கு வந்தது 10,130. வித்தியாசம் 270. முதலில் ஒன்பதால் வகுத்துப் பார்க்க வேண்டும். 30, மீதியில்லை. இரண்டு இலக்கம் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும், அது கணக்கர்களின் பழைய கைச்சரக்கு. இன்னும் ஒரு படி போகலாம். 270 என்பது 90-இன் மூன்று மடங்கு. ஆகவே மாறியது பத்தும் நூறும் உள்ள இடம், அந்த இரண்டு இலக்கத்துக்கும் வித்தியாசம் மூன்று. என் தொகை கூடுதல் என்பதால் நான் பெரிய இலக்கத்தை முன்னால் போட்டிருக்கிறேன். 410, 520, 630 என்று எதாவது இருக்கிறதா என்று கண்ணை ஓட்டினேன். ஒன்பதாம் வரியில் 630. படத்தில் 360. முழுப் பக்கத்தையும் மறுபடி படிக்க வேண்டியிருக்கவில்லை.

41ஆம் பக்கத்தில் டீக்கடைக்காரர் பாக்கி 400 கூடுதலாக வந்தது. 400 ஒன்பதால் வகுபடாது. பாதியாக்கினால் 200. அதே பக்கத்தில் அவர் பெயரில் 200 ரூபாய் வரவு ஒன்று இருந்தது, நான் அதைப் பற்றில் தட்டியிருந்தேன். பக்கம் மாறித் தட்டினால் வித்தியாசம் இரண்டு மடங்காக நிற்கும். ஒரு ஆளுக்கு எல்லா வரியிலும் ஒரே தொகை வித்தியாசம் வந்துகொண்டே இருந்தால், பழைய நோட்டுப் பாக்கியை விட்டுவிட்டீர்கள் என்று பொருள்.

ஒன்பது விதியை நம்பிக் கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது. 450 ரூபாய் வரி ஒன்று விடுபட்டாலும் வித்தியாசம் ஒன்பதால் வகுபடத்தான் செய்யும். ஒரே பக்கத்தில் இரண்டு தப்பு ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டால் கூட்டல் சரியாகவே வரும். அதனால்தான் பக்கக் கூட்டல், ஆள் வாரிப் பாக்கி என்று இரண்டு வழியிலும் பார்த்தேன்.

வரி எண்ணிக்கையையும் பாருங்கள். நவம்பர் 2016 பக்கங்களில் திடீரென்று பற்று நெருக்கியடித்து வரவுக் கட்டம் காலியாகக் கிடந்ததும், படம் விட்டுப்போயிற்று என்றே நினைத்தேன். விட்டுப்போகவில்லை. 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்ற அறிவிப்பு வந்த நாட்கள். ஊரில் ஒருவர் கையிலும் சில்லறை இல்லை, எல்லோரும் கடனுக்கே வாங்கினார்கள். வந்த சில வரவுகளின் ஓரத்தில் அப்பா "ப.நோ." என்று போட்டிருந்தார், பழைய நோட்டு. அது M கட்டத்துக்குப் போயிற்று.

கணக்குக்குள் வராதவை

என் தப்புகள் எல்லாம் திருத்திய பிறகும் பதினொரு வித்தியாசங்கள் மிஞ்சின. பி.டி. வாத்தியார் பாக்கி 1,385. தீபாவளிக்கு முன் 1,350 கொடுத்திருக்கிறார். அதற்கு நேரே அப்பா பாக்கியில் ஒரு கோடு இழுத்திருந்தார், அதாவது பூஜ்யம். 35 ரூபாய் எங்கே?

எனக்கு இரவு 9 மணி என்றால் அங்கே காலை 7:30, கடையில் கூட்டமான நேரம். பால் பாக்கெட் எடுத்துக் கொடுத்துக்கொண்டே அப்பா சொன்னார்: "மொத்தமா தீர்க்க வந்தவர்ட்ட முப்பத்தஞ்சு ரூபாய்க்கு நிப்பாங்களா பாப்பா?"

சரி. நோட்டில் இல்லாத அந்தக் கழிவை அட்டவணையில் எப்படிக் காட்டுவது? பற்றைக் குறைத்துத் திருத்தக் கூடாது, வரவைக் கூட்டவும் கூடாது. இரண்டும் நோட்டோடு முரண்படும். தனி வரியாக, வரவில் 35, விவரத்தில் "கழிவு", குறிப்பில் "நான் சேர்த்தது" என்று போட்டேன். பக்கக் கூட்டலைச் சரிபார்க்கும்போது "நான் சேர்த்தது" வரிகளை வடிகட்டி ஒதுக்கிவிட வேண்டும். பதினொன்றில் பத்து இப்படித் தீர்ந்தன.

பதினொன்றாவது 2,140. 58ஆம் பக்கத்தில் ஒரு பெண்ணின் பெயரைச் சுற்றி வட்டம். அதற்குப் பிறகு பற்றும் இல்லை, வரவும் இல்லை, அடுத்த வருட நோட்டுக்கும் அந்தப் பாக்கி போகவில்லை.

"அது வராதும்மா. அவ வீட்டுக்காரன் தவறிட்டான். வட்டம் போட்டா முடிஞ்சதுன்னு அர்த்தம்."

"அப்ப வாராக் கடன்னு எழுதிக்கவா?"

"அப்படியெல்லாம் எழுதாத. தம்பி பட்டியல் எடுத்தா அவ பேரு அதுல வரக் கூடாது, அவ்வளவுதான். ஏன், கம்ப்யூட்டர்ல வட்டம் போட முடியாதா?"

முடியும். "பெயர்கள்" என்று ஒரு தாள் வைத்து, A-யில் குறி, B-யில் பெயர், C-யில் நிலை என்று கட்டம் போட்டேன். நிலையில் ஒரே ஒரு சொல்தான் வரலாம்: வட்டம். பாக்கிப் பட்டியலின் சூத்திரம் இது:

```
=IF(C2="வட்டம்","",
 SUMIFS('பதிவு'!H:H,'பதிவு'!F:F,A2)
 -SUMIFS('பதிவு'!I:I,'பதிவு'!F:F,A2))
```

பதிவில் 2,140 அப்படியே இருக்கிறது, நோட்டில் இருக்கிறதே. பட்டியலில் மட்டும் வராது. வருமான வரிக்கு அதை எப்படிக் காட்டுவது என்பது ஊரில் கணக்கு எழுதுகிறவர் பார்க்க வேண்டியது. அதற்கும் அவர் கேட்பது அசல் நோட்டைத்தான். அட்டவணை முடிந்துவிட்டதென்று நோட்டை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

ஆகஸ்ட் கடைசியில் ஹேவிளம்பி நோட்டின் பக்கங்களையும் சேர்த்துப் பட்டியலை அனுப்பினேன். தம்பி அச்செடுத்து அப்பாவிடம் கொடுத்திருக்கிறான். மறுநாள் அந்தத் தாளைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினான், இந்த முறை சன்னல் வெளிச்சத்தில், நேர் மேலிருந்து. உச்சியில் அப்பா நீல மையால் ஒரு பிள்ளையார் சுழி போட்டிருந்தார். கீழே இரண்டு பெயர்களைச் சுற்றிப் புதிதாக வட்டம்.

"பெயர்கள்" தாளைத் திறந்து க19, க32 இரண்டுக்கும் நேரே C-யில் தட்டினேன்.